முதல் லேப்டாப் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜூன் பிறந்தால் பெருந்துறை, கோபி, பவானிப் பக்கமிருந்து பிள்ளைகளோடு பெற்றோர் என் சர்வீஸ் கடைக்கு வந்துவிடுவார்கள். புது லேப்டாப்பை மேசையில் வைத்து, "நல்லதாத்தான் வாங்கியிருக்கோமுங்களா?" என்பார்கள். வாங்கிய பிறகு கேட்கிறார்களே என்று மனசு அடித்துக்கொள்ளும். என் முதல் லேப்டாப்பையும் நான் அப்படித்தான் வாங்கினேன்.

போர்டோடு ஒட்டிய 8 ஜிபி ரேம்

இதைப் பார்த்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது. போன வருடம் பவானியிலிருந்து ஒரு தறிக்காரர் மகளோடு வந்தார். கம்ப்யூட்டர் சயின்ஸ் இரண்டாம் வருடம். 38,000 ரூபாய்க்கு வாங்கிய மெல்லிய லேப்டாப், ஆப் எழுதும் ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவில், திரைக்குள்ளேயே ஒரு போனைப் போல ஓடும் எமுலேட்டரைத் திறந்தாலே உறைந்துபோகிறது. "இன்னொரு 8 ஜிபி போட்டுக் குடுங்கண்ணா" என்றாள் அந்தப் பெண்.

அடிமூடியைக் கழற்றினேன். ரேம் செருக ஸ்லாட்டே இல்லை. பிராசஸருக்குப் பக்கத்தில் கறுப்புச் சில்லுகள் போர்டோடு பற்றவைக்கப்பட்டிருந்தன. "அப்புறம் ஏத்திக்கலாமுங்க" என்று சொல்லித்தான் விற்றிருக்கிறார்கள்.

விண்டோஸும் பிரவுசரும் திறந்தாலே பாதி ரேம் போய்விடும். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாததால் திரைக்கும் இதிலிருந்துதான் பங்கு. மிச்சம் பற்றாதபோது விண்டோஸ், ஃபைல்களைச் சேமிக்கும் எஸ்எஸ்டியை ரேம் போலப் பயன்படுத்தும், வேகம் படுத்துவிடும்.

பணம் கட்டும் முன் கடையில் ஓடும் அதே மாடலில் Ctrl+Shift+Esc அழுத்தி, Performance, பிறகு Memory பாருங்கள். `Form factor` என்ற இடத்தில் `SODIMM` என்றிருந்தால் கழற்றி மாட்டும் ரேம். `Row of chips` என்றிருந்தால் ஒட்டியது. ஒட்டிய ரேமோடு ஒரு காலி ஸ்லாட்டும் வைத்த மாடல்கள் உண்டு. அதை உறுதி செய்ய, கம்பெனி தளத்தில் அந்த மாடலின் விவரத்தாளைத் திறந்து ஸ்லாட் எத்தனை, அதிகபட்ச ரேம் எவ்வளவு என்று பாருங்கள். மெல்லிய லேப்டாப்களில் LPDDR என்றிருந்தால் ஒட்டியது என்றே வைத்துக்கொள்ளலாம்.

முழுக்க ஒட்டியதென்றால் 16 ஜிபி மட்டும் வாங்குங்கள். காலி ஸ்லாட் இருந்தால் இப்போதைக்கு 8 போதும். ஏற்றும்போது டிடிஆர்4 ஸ்லாட்டில் டிடிஆர்5 பொருந்தாது என்பதை மறக்க வேண்டாம்.

அந்தப் பெண்ணுக்கு எமுலேட்டரை விட்டுவிட்டு, போனில் யுஎஸ்பி டீபக்கிங்கை ஆன் செய்து கேபிளில் இணைத்து ஆப்பை ஓட்டக் காட்டினேன். அதில்தான் சமாளிக்கிறாள்.

64 ஜிபி இஎம்எம்சி

இது எஸ்எஸ்டியைவிட மெதுவான சேமிப்புச் சில்லு. எஸ்எஸ்டி என்று சொல்லி விற்றாலும் வாங்காதீர்கள்.

தொடுதிரை

அந்தக் காசை ரேமில் போடுங்கள்.

ஐ5 ஸ்டிக்கர்

பழைய லேப்டாப்பில் ஐ5 என்ற பிராசஸர் பெயரை மட்டும் பார்க்காதீர்கள். i5-6200U என்றால் ஆறாம் தலைமுறை. விண்டோஸ் 11-க்குப் பொதுவாக எட்டாம் தலைமுறையிலிருந்துதான் ஆதரவு. விண்டோஸ் 10-க்கான ஆதரவோ 2025 அக்டோபரில் முடிந்துவிட்டது.