மளிகைக் கடையில் கடன் நோட்டு போடும் முறை

நோட்டு வாங்கும் முன் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். நூற்றுக்கு 8 ரூபாய் லாபம் என்று வைத்துக்கொண்டால், 1,000 ரூபாய் பாக்கி வராமல் போனால் அதை ஈடுகட்ட 12,500 ரூபாய்க்குச் சரக்கு விற்க வேண்டும். நல்ல மனிதர்தானே என்று அளவில்லாமல் கொடுத்தால் கடை தாங்காது.

முதலில் வீட்டுக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். தேதி, சாமான், பற்று, வரவு, பாக்கி என்று கோடு போடுங்கள். பக்கத்தின் தலையில் கடன் அளவையும் பணம் தரும் நாளையும் அவர்கள் முன்னாலேயே எழுதுங்கள். அடுத்த சம்பளம் வரும்வரை அந்த வீட்டுக்கு எவ்வளவு மளிகை ஆகுமோ, அதுதான் அளவு. புதிதாகக் குடிவந்தவர் என்றால் இரண்டு மாதம் ரொக்கத்துக்கே கொடுத்து, வாங்கும் பழக்கத்தைப் பார்த்துவிட்டு, அதில் பாதியில் ஆரம்பியுங்கள்.

சாமானைக் கையில் கொடுக்கும் முன் எழுதிவிட வேண்டும். கூட்டம் குறையட்டும் என்று தள்ளிப்போட்டால் பாதி மறந்துவிடும். ‘சாமான் 120’ என்று மொத்தமாக எழுதாமல் துவரம் பருப்பு அரைக் கிலோ, புளி கால் கிலோ என்று பிரித்து எழுதுங்கள். வாடிக்கையாளரிடமும் ஒரு சின்ன நோட்டு இருக்கட்டும். இரண்டிலும் ஒரே நேரத்தில் எழுதினால், ‘நான் எப்போ வாங்கினேன்?’ என்ற பேச்சே வராது.

பால் பாக்கெட், சிகரெட் இரண்டையும் நான் நோட்டில் ஏற்றுவதே இல்லை. அவற்றில் லாபம் மிகக் குறைவு.

எங்கள் தெரு அக்கா ஒருவரின் பக்கத்தைச் சொல்கிறேன். வீட்டுக்காரர் கொத்தனார், சனிக்கிழமை கூலி. அளவு 1,000 ரூபாய். ஒரு வாரம் பற்று 940 ஆனது. சனிக்கிழமை 600 தந்தார், பாக்கி 340. அடுத்த வாரம் புதிதாக 1,000 கொடுக்கக் கூடாது, 660 வரைதான். இந்தக் கழித்தலை விட்டால்தான் பாக்கி சத்தமில்லாமல் 2,000, 3,000 ஆகிறது.

மழையில் வேலை இல்லாமல் பாக்கி நின்றது. அவர் வராமல் பிள்ளையை அனுப்ப ஆரம்பித்தார். பணம் முடைப்பட்டதற்கு இதுதான் முதல் அடையாளம். நாம் கேட்காமல் விட்டால் கூச்சப்பட்டு அடுத்த தெருக் கடைக்குப் போய்விடுவார். பணமும் போகும், ஆளும் போவார். கடையில் யாரும் இல்லாத நேரம் பார்த்து, “அக்கா, பழசைத் தனியா எழுதி வச்சிடறேன். வாரம் நூறு குடுங்க. புதுசு மட்டும் ரொக்கத்துக்கு வாங்கிக்கோங்க” என்றேன். அப்போது பாக்கி 800. எட்டு வாரத்தில் அடைந்தது. மறுபடி 500 ரூபாய் அளவில் பக்கம் திறந்தேன்.

அப்புறம், ஞாயிறு இரவு எல்லாப் பக்கத்துப் பாக்கியையும் கூட்டுங்கள். உங்கள் ஒரு வாரக் கொள்முதல் பணத்தில் கால் பங்கை அது தாண்டியிருந்தால், குறையும்வரை புது வீட்டுக்குப் பக்கம் போட வேண்டாம்.