ராயல்டி வருமானத்தை வரிப் படிவத்தில் காட்டுவது எப்படி: எழுத்தாளருக்கும் இசைக்கலைஞருக்கும்

சம்பள வேலையில் இருந்துகொண்டே நூல் எழுதுபவர்கள் வருமான வரி தாக்கல் செய்யும்போது, ராயல்டித் தொகையை எந்தத் தலைப்பில் காட்டுவது என்ற இடத்தில்தான் பெரும்பாலும் நின்றுவிடுகிறார்கள். அந்த இடம் என்னையும் நெடுநேரம் நிறுத்திவைத்தது என்பதால் அதையே விரிவாக எழுதுகிறேன். இணையதளத்தில் உள்நுழைவது, பான் எண்ணை ஆதாருடன் இணைப்பது போன்றவை உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன். இங்குள்ள கணக்குகள் 2025-26 நிதியாண்டுக்கானவை. 2026 ஏப்ரல் 1 முதல் ஈட்டும் வருமானத்துக்குப் புதிய வருமான வரிச் சட்டம் பொருந்தும். அதில் பிரிவு எண்கள் மாறியிருப்பதால், கீழே உள்ள எண்களை அடுத்த ஆண்டுக்கு அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

படி 1: மொத்தத் தொகையைக் கண்டறியுங்கள்

எடுத்துக்காட்டாக, ஆண்டுக்கு 9,00,000 ரூபாய் சம்பளம் வாங்கும் ஒருவரின் நாவல்கள் ஓராண்டில் 18,00,000 ரூபாய்க்கு விற்றிருக்கின்றன என்று கொள்வோம். 10 விழுக்காடு ராயல்டி என்றால் அவருக்கு உரியது 1,80,000 ரூபாய். ஆண்டுக்கு 50,000 ரூபாயைத் தாண்டும் ராயல்டிக்கு, வரி பிடிக்கும் கடமையுள்ள பதிப்பகம் 194J பிரிவின் கீழ் 10 விழுக்காடு பிடித்துக்கொண்டு மீதியைத் தரும். ஆகவே வங்கிக் கணக்கில் வந்து சேர்வது 1,62,000 ரூபாய்தான். ஆனால் படிவத்தில் வரவாகக் காட்ட வேண்டியது 1,80,000 ரூபாய். பிடித்த 18,000 ரூபாய் ஏற்கெனவே செலுத்திய வரியாகத் தனியே வரும். வங்கிப் புத்தகத்தைப் பார்த்து 1,62,000 என்று எழுதினால், 26AS அறிக்கையுடன் பொருந்தாமல் துறையிடமிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வரக்கூடும்.

படி 2: தலைப்பைத் தீர்மானியுங்கள்

26AS அறிக்கையில் 194J என்று இருப்பதாலேயே அது தொழில்முறை வருமானம் ஆகிவிடாது. அந்தப் பிரிவு தொழில்முறைக் கட்டணத்துக்கும் ராயல்டிக்கும் பொதுவானது. வரியைப் பிடிக்கும் வழியை அது சொல்கிறதே தவிர, உங்கள் வருமானத்தின் தன்மையைச் சொல்வதில்லை. தன்மையைத் தீர்மானிப்பது உங்கள் செயல்பாடு. தொடர்ச்சியாக எழுதுகிறீர்களா, அதற்கென்று நேரமும் பணமும் செலவிடுகிறீர்களா, வருமானம் ஈட்டும் நோக்கம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இவற்றுக்கு ஆம் என்பது விடையானால், வேறு வேலையில் சம்பளம் வாங்கினாலும் எழுத்து உங்கள் தொழில்தான். என்றோ ஒருமுறை எழுதிய ஒரே நூலுக்கு, அதன்பின் எந்த முயற்சியும் இல்லாமல் சிறு தொகை வந்துகொண்டிருந்தால், அதைப் பிற வருமானத்தில் காட்டுவதே பொருத்தம்.

தொழில்முறை என்றால் ITR-3 படிவம். ITR-1 படிவத்தில் தொழில் வருமானத்துக்கு இடமே இல்லை. ராயல்டி பிற வருமானமாக இருந்தால் பெரும்பாலும் ITR-1 அல்லது ITR-2 போதும். படிவம் எளிது என்பதற்காக மட்டும் தலைப்பை மாற்றிக்கொள்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அதன் விளைவு அடுத்த படியில் தெரியும்.

படி 3: செலவுகளைக் கழியுங்கள்

நம் எழுத்தாளர் தம் செலவில் பிரதியைச் செம்மைப்படுத்தியவருக்கு 20,000 ரூபாய் தந்தார். நாவலின் களத்தைப் பார்த்துவரப் பயணத்துக்கு 14,000, ஆவணக் காப்பகப் படிகளுக்கு 6,000 ஆகின. இணையக் கட்டணம் 12,000. வீட்டாரும் பயன்படுத்துவதால் அதில் பாதியான 6,000 மட்டும் எழுத்துக்கு உரியது. ஜூன் மாதம் 60,000 ரூபாய்க்கு வாங்கிய மடிக்கணினியை முழுச் செலவாக எழுத முடியாது. அதன் தேய்மானம் 40 விழுக்காடு, அதாவது 24,000 ரூபாய். சொந்தப் பயன்பாடு பாதி என்பதால் 12,000 ரூபாய் கழிக்கலாம். அதையே ஆண்டின் பிற்பகுதியில் வாங்கி, 180 நாட்களுக்கும் குறைவாகப் பயன்படுத்தியிருந்தால், தேய்மான விகிதமும் பாதியாகும். மொத்தச் செலவு 58,000. நிகர வருமானம் 1,22,000 ரூபாய்.

இதே ராயல்டியைப் பிற வருமானமாகக் காட்டினால், அதை ஈட்டுவதற்கென்றே செய்த செலவுகளை மட்டும் கழிக்கலாம். மூலதனச் செலவுக்கு அங்கே இடமில்லை என்பதால் மடிக்கணினியின் தேய்மானம் கைவிட்டுப் போகும்.

செலவைக் குறித்துவைக்கக் கணக்கியல் மென்பொருள் எதுவும் தேவையில்லை என்பது என் கருத்து. தேதி, யாருக்கு, எதற்கு, எவ்வளவு என்று நான்கு நெடுவரிசை கொண்ட விரிதாளும், எழுத்து வரவு செலவுக்கென்று தனியாக ஒரு சேமிப்புக் கணக்கும் போதும். ஒருவருக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தச் செலவு ஏற்கப்படாது. எனவே செம்மையாக்குபவருக்கு வங்கி வழியாகவே அனுப்புங்கள்.

படி 4: 80QQB வேண்டுமா என்று கணக்கிட்டுப் பாருங்கள்

இந்தியாவில் வசிக்கும் நூலாசிரியருக்கு, தம் தொழிலின் வழியே வந்த ராயல்டியில் 3,00,000 ரூபாய் வரை 80QQB பிரிவு கழிவு தருகிறது. பள்ளிப் பாடநூல், வழிகாட்டி நூல், இதழ் போன்றவற்றுக்கு இது கிடையாது. மொத்தமாக உரிமையை விற்காத நிலையில், விற்பனை மதிப்பில் 15 விழுக்காட்டுக்கு மேற்பட்ட ராயல்டியும் கணக்கில் வராது. பதிப்பாளர் கையொப்பமிட்ட 10CCD படிவம் வேண்டும். பல பதிப்பகங்கள் இதைக் கேள்விப்பட்டதே இல்லை என்பதால், ராயல்டிக் கணக்கு அனுப்பும் நேரத்திலேயே கேட்டு வாங்கிவிடுங்கள்.

ஆனால் இந்தக் கழிவு பழைய வரிமுறையில் மட்டுமே உண்டு. நம் எழுத்தாளருக்குப் பழைய முறையில் சம்பளத்தில் 50,000, சேமிப்புக்காக 1,50,000, ராயல்டிக்காக 1,22,000 கழித்தால் 7,00,000 ரூபாய் எஞ்சும். வரி 54,600 ரூபாய். புதிய முறையில் சம்பளத்தில் 75,000 மட்டும் கழித்து, ராயல்டியைச் சேர்த்தால் 9,47,000 ரூபாய். அது 12,00,000 ரூபாய்க்குள் இருப்பதால் தள்ளுபடி போக வரியே இல்லை. பிடித்த 18,000 ரூபாயும் திரும்பி வரும். 80QQB கழிவை நாடிப் பழைய முறைக்குப் போவது இவருக்கு நட்டம்.

தொழில் வருமானம் உள்ளவர் பழைய முறைக்குச் செல்ல, தாக்கல் செய்யும் இறுதி நாளுக்குள் 10-IEA படிவம் தர வேண்டும். பின்னர் புதிய முறைக்கு ஒருமுறை திரும்பிவிட்டால், தொழில் வருமானம் இருக்கும்வரை பழைய முறைக்கு மறுபடி போக இயலாது. தொழில் வருமானம் இல்லாதவருக்கோ ஆண்டுதோறும் தேர்வு உண்டு.

இசைக்கலைஞர்களுக்கு

80QQB நூல்களுக்கு மட்டுமே என்பதால் பாடல் ராயல்டிக்கு அது பொருந்தாது. தலைப்பைத் தீர்மானிக்கும் முறையும் செலவுக் கணக்கும் அப்படியே பொருந்தும்; ஒலிப்பதிவுக் கூட வாடகை, உடன் வாசித்தவர்களுக்குத் தந்த ஊதியம் ஆகியவை நேரடிச் செலவுகள். திரைப்படத்தில் பணியாற்றும் இசையமைப்பாளர், பாடகர், பாடலாசிரியர் ஆகியோர் சட்டம் குறிப்பிடும் தொழிலினர் என்பதால், 44ADA பிரிவின் கீழ் அத்தொழில் வரவில் பாதியை வருமானமாகக் காட்டிவிட்டுச் செலவுச் சீட்டுகளை மறந்துவிடலாம். நாவலாசிரியருக்கு இந்த வசதி இல்லை.

பின்சேர்க்கை: பதிப்பகம் மார்ச் மாதமே வரியைப் பிடித்துக் கட்டிவிட்டு, பணத்தை ஜூனில் அனுப்பினால் என்ன செய்வது என்று பின்னூட்டத்தில் ஒருவர் கேட்டிருந்தார். பணம் கைக்கு வரும்போது வருமானமாகக் கொள்ளும் முறையை நீங்கள் தொடர்ந்து பின்பற்றினால், அந்த ராயல்டி அடுத்த ஆண்டுக்கு உரியது. அப்போது பிடித்த வரியையும் இந்த ஆண்டு கோரக் கூடாது. Schedule TDS பகுதியில் அதை அடுத்த ஆண்டுக்கு எடுத்துச் செல்லும் நெடுவரிசை இருக்கிறது, அதில் நிரப்புங்கள்.