கேட்டில் வாங்கி வைக்கும் பார்சல், கைக்கு வந்து சேர வேண்டுமென்றால்

அண்ணா நகர் பக்கம் ஒரு லேடீஸ் ஹாஸ்டலில் இருந்தபோது 1,249 ரூபாய்க்கு ஒரு ஹெட்செட் ஆர்டர் போட்டேன். மதியம் ஆபீசில் இருக்கும்போது டெலிவரி தம்பி கூப்பிட்டார், "அக்கா, ஓடிபி சொல்லுங்க, கேட்ல குடுத்துர்றேன்". சொன்னேன். 1:52க்கு டெலிவரி ஆகிவிட்டது என்று செய்தி வந்தது. சாயங்காலம் போய்க் கேட்டால் கேட்டில் வேறொரு அண்ணன், இரண்டு மணிக்கு ஷிஃப்ட் மாறிவிட்டதாம். "கார்த்திகான்னு ஒண்ணு இருந்துச்சு பாப்பா, அந்தப் பிள்ளை வாங்கிட்டுப் போயிருச்சே" என்றார். அந்தப் பிள்ளை நான் இல்லை! கம்பெனியைக் கேட்டால் ஓடிபி கொடுத்து வாங்கியிருக்கிறீர்கள் என்கிறார்கள். நான்கு நாள் கழித்துத்தான் தெரிந்தது, 412இல் இன்னொரு கார்த்திகா இருக்கிறாள், அவளுடைய பார்சல் என்று நினைத்து ரூம்மேட் எடுத்துவைத்திருக்கிறாள், அவளோ உசிலம்பட்டிக்கு ஊருக்குப் போயிருந்தாள்.

யாரும் திருடவில்லை, ஆனாலும் பார்சல் காணாமல் போனது. கேட்டில் நடக்கிற குழப்பத்தில் பாதி இந்த ரகம்தான், அதனால் அதை வைத்தே வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் செக்யூரிட்டியிடம் பேசுங்கள், ஆர்டர் போடுவதற்கு முன்னால். மூன்று விஷயம் கேட்டால் போதும். பார்சல் வாங்கி வைப்பீர்களா, எங்கே வைப்பீர்கள், நோட்டில் எழுதுவீர்களா? சில அபார்ட்மெண்டில் அசோசியேஷனே வாங்கக்கூடாது என்று சொல்லியிருக்கும், அண்ணன் நல்ல மனசில் வாங்கி வைப்பார், தொலைந்தால் அவர் மேல் பழி. சில ஆபீசில் சொந்தப் பார்சலுக்கு அனுமதியே கிடையாது. அப்படியானால் வீட்டில் ஆள் இருக்கும் தோழி முகவரிக்குப் போடுவது உத்தமம்.

அடுத்தது முகவரி. இங்கேதான் கொஞ்சம் நிதானம் வேண்டும். பார்சல் மேசையில் இருக்கும்போது செக்யூரிட்டி பார்ப்பது லேபிளில் உள்ள பெயரை மட்டும்தான், நான்கு வரி முகவரியை யாரும் படிப்பதில்லை. பல லேபிள்களில் இப்போது போன் நம்பரும் முழுதாக இருப்பதில்லை, ஆக உங்களைக் கூப்பிட்டுக் கேட்கவும் வழியில்லை. அதனால் அறை எண்ணை முகவரிக் கட்டத்தில் மட்டும் போடாமல் பெயர்க் கட்டத்திலேயே சேர்த்துவிடுங்கள். நான் இப்போது எழுதுவது இப்படி:

```
M KARTHIKA ROOM 214
```

இனிஷியலை விடாதீர்கள். நம் ஊர் ஹாஸ்டலில் ஒரு மாடிக்கு இரண்டு பிரியா, மூன்று கார்த்திக் இருப்பது சகஜம். ஆபீஸ் என்றால் அறை எண்ணுக்குப் பதில் மாடியும் டீம் பெயரும், அபார்ட்மெண்ட் என்றால் பிளாக்கும் கதவு எண்ணும்.

முகவரி சேமிக்கும்போது ஆப்பில் மேப் ஒன்று வரும், அதில் இருக்கும் குறியைக் கட்டடத்தின் நடுவில் விடாமல் கேட்டின் மேல் இழுத்து வையுங்கள். இரண்டு தெருவுக்கு நடுவில் இருக்கும் கட்டடம் என்றால் மேப் பின்பக்கத் தெருவுக்குக் கூட்டிப்போய்விடும், அங்கே பூட்டிய கதவைப் பார்த்துவிட்டு, ஆள் இல்லை என்று போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். ஆபீஸ் முகவரியை ஆபீஸ் என்றே குறித்து வையுங்கள், இல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை வந்து நிற்கும்.

மதுரைக்காரர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. எதிர்சேவைக்கும் அழகர் ஆற்றில் இறங்கும் நாளுக்கும் தல்லாகுளம், கோரிப்பாளையம் பக்கம் வண்டியே நகராது, அந்த வாரத்தில் அவசரப் பொருள் எதையும் அந்தப் பக்க முகவரிக்குப் போடாதீர்கள்.

சரி, பார்சல் வரும் நாள். 'அவுட் ஃபார் டெலிவரி' என்று காலையில் வந்ததும் கேட்டில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள், "அண்ணே, இன்னைக்கு 214க்கு ஒண்ணு வரும், காசு கட்டியாச்சு". இந்தக் கடைசி இரண்டு வார்த்தை முக்கியம். செக்யூரிட்டி முகவரிக்கு கேஷ் ஆன் டெலிவரி போடவே போடாதீர்கள். அவர் கைக்காசைப் போட்டு வாங்க வேண்டிய நிலை வரும், அதைவிடப் பெரிய ஆபத்து, யாரும் ஆர்டர் போடாத டப்பாவைக் கொண்டுவந்து "214க்கு, 600 ரூபாய் குடுங்க" என்று வாங்கிப்போகிறவர்கள் இருக்கிறார்கள். என் பெயரில் காசு கேட்டு எது வந்தாலும் வாங்காதீர்கள் என்று ஒருமுறை சொல்லிவைத்தால் அந்தத் தொல்லை அடைபடும். தெரியாத நம்பரை அன்றைக்கு மட்டும் எடுத்துவிடுங்கள், டெலிவரி அழைப்பு பெரும்பாலும் புது நம்பரிலிருந்துதான் வரும்.

இப்போது நான் செய்த தப்புக்கு வருகிறேன். ஓடிபி என்பது கையெழுத்து மாதிரி. சொன்ன நொடியிலேயே பொருள் உங்கள் கைக்கு வந்துவிட்டதாகக் கணக்கு. வண்டி இன்னும் இரண்டு தெரு தள்ளி நிற்கும்போதே போனில் ஓடிபி கேட்பார்கள், அவசரத்தில் சொல்லிவிடுவோம். சொல்லாதீர்கள். "கேட்டுக்குப் போய் செக்யூரிட்டி அண்ணன்கிட்ட போனைக் குடுங்க தம்பி" என்று கேளுங்கள், அவர் "ஆமா, கையில வாங்கிட்டேன், 214ன்னு போட்டிருக்கு" என்று சொன்னபிறகு ஓடிபியைச் சொல்லுங்கள். அரை நிமிடம் கூடுதலாகும், டெலிவரி தம்பிக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும், பரவாயில்லை. செல்போன், லேப்டாப் மாதிரிப் பொருளுக்கு இதுவும் போதாது. அதை நீங்கள் இருக்கும் நாளுக்கு மாற்றிப் போட்டு நேரில் வாங்குங்கள், பிரித்துக் காட்டித் தரும் வசதி இருந்தால் அதையே எடுங்கள்.

அப்புறம் நோட்டு. தேதி, நேரம், அறை எண், பார்சல் எண்ணின் கடைசி நான்கு இலக்கம், எடுத்தவர் கையெழுத்து, இவ்வளவு இருந்தால் போதும். எங்கள் ஹாஸ்டலில் அந்தச் சம்பவத்துக்குப் பிறகு நாங்களே 40 ரூபாய் நோட்டு ஒன்று வாங்கிக் கொடுத்தோம். பார்சல் அதிகம் தொலைவது ஷிஃப்ட் மாறும் நேரத்தில்தான், நோட்டு இருந்தால் போகிறவர் வருகிறவரிடம் எண்ணி ஒப்படைத்துவிடுவார். நீங்களும் அன்றைக்கே எடுத்துவிடுங்கள். எடுக்கும்போது டேப் கிழிந்து மறுபடி ஒட்டியிருக்கிறதா, எடை பொருளுக்கு ஏற்ற மாதிரி இருக்கிறதா பாருங்கள். பிரிப்பதற்கு முன் லேபிள் தெரிய வீடியோவைத் தொடங்கி, நிறுத்தாமல் பொருள் வெளியே வரும்வரை எடுங்கள்.

இத்தனைக்கும் பிறகு, டெலிவரி ஆனது என்று வந்தும் பொருள் இல்லையா? முதலில் ஆப்பில் யார் வாங்கியதாகப் பெயர் போட்டிருக்கிறது, படம் ஏதும் இருக்கிறதா பாருங்கள். படத்தில் தரையின் டைல்ஸ் நிறமே சில நேரம் சொல்லிவிடும், அது உங்கள் கேட்டா பக்கத்து அபார்ட்மெண்டா என்று. பிறகு நோட்டு, அதே பெயர்க்காரர்கள், கேட் கேமரா. கேமராப் பதிவு சில நாளில் அழிந்துவிடும், அன்றைக்கே கேளுங்கள்.

அன்றிரவே ஆப்பில் புகாரும் போட்டு, புகார் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள், நாள் தள்ளினால் பேச்சு எடுபடாது. 2020 மின்வணிக விதிப்படி புகார் வந்ததை 48 மணி நேரத்துக்குள் அவர்கள் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும். அசையவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கே ஆர்டர் எண், புகார் எண், நோட்டுப் பக்கத்தின் போட்டோ மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு கூப்பிடுங்கள். நோட்டில் அந்த நேரத்தில் பதிவே இல்லை என்பதும் உங்கள் பக்கம் ஒரு சாட்சிதான். எனக்கு அன்றைக்கு அதுகூட இல்லை, உசிலம்பட்டி பஸ் திரும்பி வரும்வரை காத்திருந்தேன்.