முதலாளி பெயரில் மடல் எழுதும் முன்

முதலாளிக்காக மடல் வரையும்போது, அவர் அதே ஆளுக்குக் கடைசியாகத் தாமே அனுப்பிய மூன்று மடல்களைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதுங்கள். தொடக்க விளிப்பு, கேட்கும் விதம், முடிப்பு ஆகிய மூன்றையும் அவற்றிலிருந்தே எடுங்கள்.

ஒருவரின் நடை விஷயத்தைவிட ஆளைப் பொறுத்தே அதிகம் மாறும். கோலாலம்பூரில் இருக்கும் என் மேலாளர், டத்தோ பட்டம் பெற்ற வாடிக்கையாளரை எப்போதும் பட்டத்தோடுதான் விளிப்பார்; பினாங்குக் கிளைத் தலைவருக்கோ வணக்கம்கூட இருக்காது. அந்தக் கிளைக்கு நான் முதலில் எழுதியது: "சிரமத்துக்கு மன்னிக்கவும், முடிந்தால் வெள்ளிக்கிழமைக்குள் விலைப்பட்டியலை அனுப்ப இயலுமா?" பழைய மடல்களைப் பார்த்தபின் அது இப்படி ஆனது: "விலைப்பட்டியல் வெள்ளி மதியம் 12 மணிக்குள் வேண்டும். தாமதமாகும் என்றால் வியாழனே சொல்லுங்கள்." முதலாவதில் கேட்பது உதவியாளர். மன்னிப்பும் "முடிந்தால்" என்ற சொல்லும் நம் பதவிக்குரிய பணிவு. மேலாளர் பெயரில் போனால் கெடு தளர்ந்துவிட்டது என்றே எதிராளி எடுத்துக்கொள்வார். (பணிவு நம் ஊர்ப் பழக்கம், எளிதில் போகாது.)

முதலாளி கோபத்தில் எழுதிய மடலை மாதிரியாகக் கொள்ள வேண்டாம். பண ஒப்புதல், கண்டிப்பு, இரங்கல் ஆகியவற்றுக்கு இந்த வழி உதவாது. அவற்றை அவரே படித்து அனுப்பட்டும். அவர் பார்க்காத எதையும் உங்கள் பெயரில், "அவர் சொல்லச் சொன்னார்" என்றே அனுப்புங்கள்.