உயில் எழுதாமல் ஒருவர் இறந்தால்: மனைவி, பிள்ளைகள், அம்மா, அப்பா – யாருக்கு எவ்வளவு?

போன வருடம் என் அண்ணன் தவறினார். உயில் இல்லை. கொழிஞ்சாம்பாறைப் பக்கம் அவர் சொந்தமாக வாங்கிய 1 ஏக்கர் 20 சென்ட் தென்னந்தோப்பு, பேங்கில் 4 லட்சம் டெபாசிட். பின்னால் அண்ணி, ஒரு மகன், ஒரு மகள். எங்கள் அம்மா, அப்பா இரண்டு பேரும் இருக்கிறார்கள். போக்குவரவு செய்து தோப்பைப் பெயர் மாற்றும் வேலையை நான்தான் பார்த்தேன். முதல் விண்ணப்பத்தையே தப்பாகக் கொடுத்து ஒன்றிரண்டு மாதம் போயிற்று. அதே இடத்தில் வேறு யாரும் நிற்க வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

இறப்புச் சான்றிதழ் வாங்குவது, ஆதாரத்தின் நகல் எடுப்பது, கரம் கட்டிய ரசீது தேடுவது எல்லாம் உங்களுக்கே தெரியும். (தமிழ்நாட்டுப் பக்கம் இருந்து படிப்பவர்களுக்கு: இங்கே ஆதாரம் என்றால் கிரயப் பத்திரம், ஆதார் கார்டு இல்லை.) நேராகப் பங்குக் கணக்குக்கு வருகிறேன். நான் சொல்வது இந்துக் குடும்பங்களுக்கு, அதிலும் இறந்தவர் ஆண், சொத்து அவர் சொந்தமாகச் சம்பாதித்தது என்ற நிலைக்கு.

படி 1: இறந்த நாளில் உயிரோடு இருந்தவர்களை எழுதுங்கள்

ஒரு நீள நோட்டும் பென்சிலும் போதும். கம்ப்யூட்டரில் கட்டம் போட்டுத்தான் நான் ஆரம்பித்தேன். ஆனால் வீட்டில் எல்லோரும் சுற்றி உட்கார்ந்து பேசும்போது நோட்டுதான் உதவியது. அம்மாவே விரல் வைத்து, "இது யாரு, இவளுக்கு எவ்வளவு?" என்று கேட்க முடிந்தது. இறந்தவர் பெயரை நடுவில் எழுதி, பக்கத்தில் இறந்த தேதியைப் போடுங்கள். மேலே அம்மா அப்பா, பக்கத்தில் மனைவி, கீழே பிள்ளைகள். கல்யாணமாகிப் போன மகளும் கட்டாயம் வர வேண்டும். அந்தத் தேதியில் யார் உயிரோடு இருந்தார்களோ அவர்களுக்கு அன்றைக்கே பங்கு வந்துவிடுகிறது. பத்து நாள் கழித்து அம்மா இறந்திருந்தாலும் அம்மாவின் பங்கு அழிந்து போகாது. அது அம்மாவின் சொத்தாகி அம்மாவின் வாரிசுகளுக்குப் போகும்.

படி 2: முதல் வகுப்பு வாரிசுகளைப் பிரியுங்கள். நான் தடுக்கி விழுந்தது இங்கேதான்

எங்கள் வீட்டில் எல்லோரும் நினைத்தது, "மனைவி, பிள்ளைகள் இருக்கும்போது பெற்றவர்களுக்கு ஒன்றும் இல்லை" என்பது. அதனால் அக்ஷயா சென்டரில் வாரிசு சான்றிதழுக்கு விண்ணப்பிக்கும்போது அண்ணி, மகன், மகள் மூன்று பேரை மட்டும் போட்டேன். வில்லேஜ் ஆபீஸில் இருந்து விசாரணைக்கு வந்தவர் முதலில் கேட்ட கேள்வியே, "அம்ம ஜீவிச்சிரிப்புண்டோ?" திண்ணையில் உட்கார்ந்திருந்த அம்மாவைக் காட்டினேன். விண்ணப்பம் அதோடு நின்றுவிட்டது.

1956-ம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் 8-வது பிரிவும் அதனோடு உள்ள அட்டவணையும் சொல்வது இதுதான். முதல் வகுப்பில் மகன், மகள், மனைவி, அம்மா நாலு பேரும் ஒன்றாக நிற்கிறார்கள். முன்னாலேயே இறந்துபோன மகன், மகளின் பிள்ளைகளும் அந்த வகுப்பில் உண்டு. அப்பா இரண்டாம் வகுப்பில் இருக்கிறார். முதல் வகுப்பில் ஒரே ஒருவர் இருந்தால்கூட இரண்டாம் வகுப்புக்கு ஒன்றும் வராது.

அதாவது அம்மாவுக்கு மனைவிக்குச் சமமான பங்கு. அப்பாவுக்குப் பங்கே இல்லை. பெற்றவர்களை ஒரே தட்டில் வைத்துத்தான் நாம் யோசிக்கிறோம், சட்டம் அப்படி வைக்கவில்லை. என் அப்பாவிடம் இதைச் சொல்ல எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. "நான் தூக்கி வளர்த்த பையன்டா" என்றார், அவ்வளவுதான். அவருக்குச் சட்டத்தில் என்ன இருக்கிறது என்று அதன் பிறகுதான் தேடினேன். அதைக் கீழே சொல்கிறேன்.

படி 3: சமமாகப் பிரியுங்கள்

10-வது பிரிவுப்படி மனைவிக்கு ஒரு பங்கு, உயிரோடு உள்ள ஒவ்வொரு மகனுக்கும் மகளுக்கும் ஒரு பங்கு, அம்மாவுக்கு ஒரு பங்கு. எங்கள் கணக்கில் நாலு பேர். 120 சென்ட்டை நாலாகப் பிரித்தால் அண்ணிக்கு 30, மகனுக்கு 30, மகளுக்கு 30, அம்மாவுக்கு 30. மனைவிக்குப் பாதி, மீதி மற்றவர்களுக்கு என்று ஊரில் சொல்வார்கள். அந்தக் கணக்கு இந்தச் சட்டத்தில் கிடையாது.

படி 4: பேங்க் பணத்தில் நாமினியை நம்பி நின்றுவிடாதீர்கள்

அண்ணன் கல்யாணத்துக்கு முன்பு போட்ட டெபாசிட் அது. நாமினி அப்பா. பேங்க் இறப்புச் சான்றிதழைப் பார்த்துவிட்டு 4 லட்சத்தையும் அப்பாவிடம் கொடுத்தது. பேங்க் செய்தது சரி. ஆனால் பணம் அப்பாவுடையது ஆகிவிடவில்லை. டெபாசிட்டில் நாமினி என்பவர் வாரிசுகளுக்காகப் பணத்தை வாங்கி வைத்திருப்பவர். அதனால் அந்த 4 லட்சத்தில் அண்ணிக்கு 1 லட்சம், பிள்ளைகளுக்கு ஆளுக்கு 1 லட்சம், அம்மாவுக்கு 1 லட்சம். வாங்கிய அப்பாவுக்குப் பங்கு இல்லை. அப்பா அடுத்த வாரமே பிரித்துக் கொடுத்துவிட்டார். இன்சூரன்ஸ் பணத்துக்கு 2015-க்குப் பிறகு விதி வேறு. அங்கே நாமினி பெற்றோர், மனைவி, பிள்ளைகளில் ஒருவராக இருந்தால் பணம் அவருக்கே போகும். இரண்டையும் சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

படி 5: சான்றிதழ், அப்புறம் போக்குவரவு

கேரளத்தில் வாரிசு சான்றிதழைத் தாசில்தார் கொடுக்கிறார். வில்லேஜ் ஆபீஸ் விசாரித்து, அக்கம்பக்கத்தார் வாக்குமூலம் வாங்கி அனுப்பும். பிறகு கெஸட்டில் அறிவிப்பு வரும். ஆட்சேபம் சொல்ல 30 நாள். யாரும் வராவிட்டால் சான்றிதழ் கைக்கு வரும். அது யார் யார் வாரிசு என்று காட்டும் பட்டியல்தான். யாருக்கு எவ்வளவு என்பதை அது தீர்மானிப்பதில்லை, தகராறு வந்தால் சிவில் கோர்ட்தான். சான்றிதழ் வந்த பிறகு வில்லேஜ் ஆபீஸில் போக்குவரவுக்குக் கொடுத்தால் தோப்பு நாலு பேர் பெயரிலும் வரும்.

அம்மா தன் 30 சென்ட்டும் பேரப்பிள்ளைகளுக்கே போகட்டும் என்றார். வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும் என்று உறவில் ஒருவர் சொன்னார். போதாது. நிலத்தின் பங்கை விட்டுக்கொடுக்க ஒழிமுறி எழுதி சப் ரெஜிஸ்ட்ரார் ஆபீஸில் பதிவு செய்ய வேண்டும். எழுதுவதற்கு முன் அம்மாவோடு தனியாக உட்கார்ந்து, "இது போனால் உங்கள் பெயரில் ஒன்றும் இருக்காது, சம்மதமா?" என்று கேளுங்கள். அவசரமே இல்லை. நாங்கள் இன்னும் எழுதவில்லை.

அப்பாவுக்கு என்ன?

பங்கு இல்லை, ஆனால் கைவிடப்பட்டவரும் இல்லை. 1956-ம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு, ஜீவனாம்சச் சட்டத்தில் 21, 22 பிரிவுகளைப் பாருங்கள். இறந்தவரைச் சார்ந்தவர்கள் பட்டியலில் அப்பா முதலில் வருகிறார். சொத்தில் பங்கு கிடைக்காத சார்ந்தவரை, அந்தச் சொத்தை எடுத்துக்கொண்ட வாரிசுகள் அதில் இருந்து பராமரிக்க வேண்டும். எவ்வளவு என்பது சொத்தின் அளவையும் அப்பாவின் சொந்த வருமானத்தையும் பொறுத்தது. இதை நான் அப்பாவிடம் படித்துக் காட்டினேன். தேங்காய் வெட்டுக்கு வெட்டு வரும் பணத்தில் அப்பாவுக்கு ஒரு தொகை என்று அண்ணியே சொல்லிவிட்டார்.

கமெண்டில் வந்த கேள்விகளுக்காகச் சேர்த்தது

வேலந்தாவளத்தில் இருந்து ஒருவர் கேட்டது: "அம்மா ஒன்றும் எழுதாமல் இறந்தால் அந்த 30 சென்ட் திரும்ப அண்ணிக்கு வருமா?" வராது. பெண்ணின் சொத்துக்கு 15-வது பிரிவு. அம்மாவின் பிள்ளைகளுக்கும் கணவருக்கும் சமமாகப் போகும். எங்கள் வீட்டில் நான், என் அக்கா, அப்பா, அப்புறம் இறந்த அண்ணனின் இடத்தில் அவர் பிள்ளைகள் இருவரும் சேர்ந்து, ஆக நாலு பங்கு. ஒரு பங்கு 7.5 சென்ட், அண்ணனின் பிள்ளைகளுக்கு ஆளுக்கு 3.75. அண்ணிக்கு ஒன்றும் இல்லை. முதலில் வெறுங்கையோடு நின்ற அப்பாவுக்கு இப்படி மகன் நிலத்தில் 7.5 சென்ட் வருகிறது. இதை முன்னாலேயே தெரிந்துகொண்டால்தான் அம்மா உயில் எழுதுவதா, ஒழிமுறி எழுதுவதா என்று யோசிக்க முடியும்.

இறந்தவர் மனைவி என்றால் கணக்கு மாறும் என்பதும் இதில் இருந்தே புரியும். அவர் பிள்ளைகளும் கணவரும் எடுத்துக்கொள்வார்கள், அவருடைய அம்மாவுக்கு வராது. ஆனால் மருமக்கத்தாயக் குடும்பம் என்றால் 17-வது பிரிவு. அதில் பெண்ணின் சொத்து முதலில் பிள்ளைகளுக்கும் அம்மாவுக்கும், கணவர் அடுத்த வரிசை. நாயர் குடும்பங்களோடு நாஞ்சில் வெள்ளாளர்களும் அந்தப் பட்டியலில் இருக்கிறார்கள். தெற்கே இருப்பவர்கள் கவனிக்கவும்.

இன்னொருவர் தோப்பை விற்கலாமா என்று கேட்டிருந்தார். பிள்ளைகளுக்கு 18 வயது ஆகவில்லை என்றால் அவர்கள் பங்கை அவர்களைப் பெற்ற அம்மா தானாக விற்க முடியாது. முன்கூட்டியே கோர்ட் அனுமதி வேண்டும். அனுமதி இல்லாமல் விற்றால் பிள்ளை பெரியவன் ஆனபின் அந்தக் கிரயத்தை ரத்து செய்யச் சொல்லி வழக்குப் போடலாம். இந்த மாதிரி நிலம் வாங்குபவர்களும் அதனால்தான் முதலில் பிள்ளைகளின் வயதைக் கேட்கிறார்கள்.

அண்ணி மறுமணம் செய்தால் பங்கு போய்விடுமா என்று இரண்டு பேர் கேட்டார்கள். போகாது. அண்ணன் இறந்த நாளிலேயே அது அவருடையது ஆகிவிட்டது.

கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது. 1925-ம் ஆண்டுச் சட்டப்படி மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி பிள்ளைகளுக்கு. பிள்ளைகள் இருந்தால் அம்மா அப்பா இருவருக்குமே இல்லை. முஸ்லிம் குடும்பத்தில் பிள்ளைகளில் மகனும் இருக்கும்போது அம்மாவுக்கு ஆறில் ஒன்று, அப்பாவுக்கும் ஆறில் ஒன்று, மனைவிக்கு எட்டில் ஒன்று, மீதி பிள்ளைகளுக்கு.

எல்லைக்கு அந்தப் பக்கம் பொள்ளாச்சியில் பூர்வீக நிலமும் வைத்திருப்பவர்கள் அதைத் தனியாகக் கணக்குப் போடுங்கள். கேரளத்தில் இந்துக் கூட்டுக் குடும்ப முறையை 1975-ம் ஆண்டுச் சட்டம் எடுத்துவிட்டது, 1976 டிசம்பர் 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாட்டில் கூட்டுக் குடும்பச் சொத்து இன்னும் உண்டு. அங்கே முதலில் இறந்தவரின் பங்கு எவ்வளவு என்று பிரித்துவிட்டு, அந்தப் பங்கைத்தான் மேலே சொன்ன மாதிரி அம்மா, மனைவி, பிள்ளைகளுக்குப் பகிர வேண்டும்.