லாஸ் அசையவில்லையா? உடனே லோக்கல் மினிமம் மேல் பழி போடாதீர்கள்

ட்ரெயினிங் ஓடிக்கொண்டிருக்கிறது, லாஸ் கோடு திடீரென்று படுத்துவிட்டது. பக்கத்தில் இருப்பவர் எட்டிப் பார்த்துச் சொல்வார்: "லோக்கல் மினிமத்தில் மாட்டிக்கொண்டது." பெரும்பாலும் இது தவறான நோய்க்கணிப்பு. மருந்தும் அதனால் தவறிப்போகிறது.

பாடப்புத்தகங்களில் வரும் அந்த ஒற்றைப் பரிமாணப் படம்தான் குழப்பத்துக்குக் காரணம். மேடும் பள்ளமுமாக ஒரு கோடு, ஒரு சின்னப் பள்ளத்தில் சிக்கிய பந்து. கோட்டில் இடது, வலது என்று இரண்டே பக்கம்தான் போகலாம், அதனால் பந்துக்கு வழியில்லை. லட்சக்கணக்கான எடைகள் உள்ள வலையில் நிலைமை வேறு. அதைப் புரிந்துகொள்ள இரண்டே எடைகள் உள்ள ஒரு வலை போதும்.

உள்ளீடு 1, வர வேண்டிய விடை 1, நடுவில் இரண்டு அடுக்குகள், அடுக்குக்கு ஒரு எடை. லாஸ் இப்படி இருக்கும்: `L = 0.5*(a*b - 1)**2`. `a = b = 1` என்று வைத்தால் லாஸ் 0. இரண்டையும் -1 ஆக்கினாலும் 0. இந்த இரண்டு இடங்களுக்கும் நடுப்புள்ளி `(0, 0)`, அங்கே லாஸ் 0.5. கான்வெக்ஸ் என்றால் இரண்டு புள்ளிகளை நேர்கோட்டால் இணைத்தபின் இடையில் லாஸ் அந்தக் கோட்டுக்கு மேலே எழும்பக் கூடாது. இங்கே எழும்புகிறது. ஆக்டிவேஷன் எதுவும் இல்லாத, வெறும் இரண்டு எண்களின் பெருக்கலிலேயே கான்வெக்ஸ் போய்விட்டது.

போனால் என்ன? `a*b = 1` ஆகும் எல்லாப் புள்ளிகளிலும் லாஸ் 0, அவை ஒரு நீண்ட வளைகோடாகக் கிடக்கின்றன. அதைவிட மோசமான பள்ளம் இந்த வலையில் ஒன்றுகூட இல்லை. கிரேடியன்ட் பூஜ்ஜியமாகும் மற்ற ஒரே இடம் `(0, 0)`. அங்கிருந்து `a = b` திசையில் நகர்ந்தால் லாஸ் இறங்கும், `a = -b` திசையில் நகர்ந்தால் ஏறும். இதுதான் சேணப் புள்ளி. கான்வெக்ஸ் இல்லை என்றாலே மோசமான பள்ளங்கள் நிறைந்திருக்கும் என்று நினைப்பது முதல் தவறு. ஆக்டிவேஷன் இல்லாத இரண்டடுக்கு வலைகளுக்கு அப்படிப் பள்ளங்கள் இல்லை என்பதை பால்டியும் ஹோர்னிக்கும் 1989லேயே காட்டிவிட்டார்கள். எத்தனை அடுக்கானாலும் அது பொருந்தும் என்று கவாகுச்சி 2016ல் நிறுவினார்.

இப்போது ஓட்டிப் பார்ப்போம்.

```python
a = b = 0.001
for i in range(100):
    e = a*b - 1
    print(i, 0.5*e*e)
    a, b = a - 0.1*e*b, b - 0.1*e*a
```

முதல் 48 படிகளில் லாஸ் 0.5லிருந்து 0.49க்குத்தான் வரும். திரையில் பார்த்தால் செத்துப்போன மாதிரி இருக்கும். அடுத்த முப்பது சொச்சம் படிகளில் அது 0.02க்குக் கீழே சரிந்துவிடும். 30ஆவது படியில் யாராவது ட்ரெயினிங்கை நிறுத்தி "லோக்கல் மினிமம்" என்று எழுதியிருந்தால் வீண்தானே. அந்த நேரத்தில் பார்க்க வேண்டியது கிரேடியன்டின் நீளம். சேணப் புள்ளியின் அருகே அது மிகச் சிறியதாக இருக்கும், ஆனால் இந்த உதாரணத்தில் படிக்குப் படி ஏறத்தாழ 10% வளர்ந்துகொண்டே போகும். லாஸ் தூங்கும்போது கிரேடியன்ட் சீராக ஏறுகிறது என்றால், ஒரு சேணத்தை விட்டு வெளியேறிக்கொண்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம். பொறுத்திருங்கள்.

லாஸ் படுத்திருக்கிறது, கிரேடியன்டோ சின்னதாகவே இல்லை என்றால் அது வேறு கதை. அப்போது சேணமும் இல்லை, மினிமமும் இல்லை. லேர்னிங் ரேட் அதிகமாகி, எடைகள் ஒரு பள்ளத்தாக்கின் இரு சுவர்களுக்கிடையே மோதிக்கொண்டிருக்கலாம். ரேட்டைப் பத்தில் ஒரு பங்காக்கிப் பாருங்கள். லாஸ் உடனே இறங்கினால் விஷயம் தெரிந்துவிட்டது. நடைமுறையில் இதுதான் அடிக்கடி நடக்கிறது என்பது என் கணிப்பு.

இரண்டாவது தவறு எதிர்ப்பக்கம்: "சேணத்தில் எப்படியும் வழுக்கி இறங்கிவிடும், கவலை வேண்டாம்." சரியாக `(0, 0)`வில் தொடங்கினால் கிரேடியன்ட் பூஜ்ஜியம், கடைசிவரை அசையாது. எல்லா எடைகளையும் பூஜ்ஜியமாக வைத்துத் தொடங்கக் கூடாது என்பதற்கு இது ஒரு காரணம். `a = -b` கோட்டில் சரியாகத் தொடங்கினாலும் சேணத்துக்குள்ளேயேதான் போய்ச் சேரும். ஆனால் ராண்டமாகத் தொடங்கும்போது அந்தக் கோட்டில் துல்லியமாக விழும் வாய்ப்பு பூஜ்ஜியம்.

உண்மையான சிக்கல் மாட்டிக்கொள்வதில் இல்லை, நேரம் ஆவதில்தான் இருக்கிறது. மூன்றாவது அடுக்கைச் சேர்த்து `L = 0.5*(a*b*c - 1)**2` என்று ஆக்குங்கள். இப்போது பூஜ்ஜியத்தில் எந்தத் திசையிலும் வளைவே இல்லை, தட்டையான மைதானம். அதே 0.001, அதே 0.1 ரேட். வெளியே வர ஏறத்தாழ 10,000 படிகள் ஆகும்! தொடக்கத்தை 0.1 ஆக மாற்றினால் நூறு படிக்குள் வேலை முடிந்துவிடும். எடைகளின் தொடக்க அளவை அடுக்கின் அகலத்துக்கு ஏற்பக் கணக்கிட்டு வைக்கும் முறைகள் இந்த மைதானத்தை விட்டு விலகித் தொடங்கத்தான் உதவுகின்றன.

அடுக்குகளுக்குள் வந்ததை அவற்றின் வெளியீட்டோடு அப்படியே கூட்டிவிடும் ரெஸ்நெட் வலையையும் இந்தக் கண்ணால் பார்க்கலாம். 2015ல் அதை உருவாக்கியவர்கள் CIFAR-10 படங்களில் கண்டது: சாதாரண 56 அடுக்கு வலையின் ட்ரெயினிங் பிழையே 20 அடுக்கு வலையைவிட அதிகம். கூடுதல் அடுக்குகள் வந்ததை அப்படியே கடத்தினாலே 20 அடுக்குக்குச் சமமாகிவிடலாம், அதைக்கூடத் தேடிப் பிடிக்க முடியவில்லை. நம் பொம்மை வலையில் ஒவ்வொரு எடையையும் `(1 + a)` என்று எழுதிப் பாருங்கள், பெருக்கல் `(1+a)*(1+b)*(1+c)` ஆகிவிடும். விடை 2 வர வேண்டும் என்றால், எல்லா எடையும் பூஜ்ஜியமாக இருக்கும் இடத்தில்கூட கிரேடியன்ட் உயிரோடு இருக்கும். சேணம் ஒழியவில்லை, நாம் தொடங்கும் இடத்திலிருந்து தள்ளிப்போய்விட்டது.

இன்னொரு வாதமும் உலவுகிறது: "கோடி திசைகள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் மேலே வளைவதா கீழே வளைவதா என்பது நாணயம் சுண்டுவது மாதிரி, எல்லாமே மேலே வளைய வாய்ப்பே இல்லை." கேட்க நன்றாக இருக்கும், கணக்கு தவறு. வளைவுகள் ஒன்றையொன்று சாராதவை அல்ல. டாஃபின் குழு 2014ல் சிறிய வலைகளில் தேடிப் பார்த்துக் கண்டது இன்னும் நுட்பமானது: கிரேடியன்ட் பூஜ்ஜியமாகும் புள்ளிகளில் லாஸ் அதிகமாக உள்ளவற்றில் கீழே வளையும் திசைகள் அதிகம், லாஸ் குறையக் குறைய அவையும் குறைகின்றன. உயரத்தில் நின்றால் பெரும்பாலும் இறங்க வழி இருக்கும், வழி இல்லாத இடங்கள் பெரும்பாலும் ஏற்கெனவே தாழ்ந்தவை.

இதை எல்லா வலைகளுக்கும் பொதுவான தேற்றமாக நீட்டவும் கூடாது. எதிர்மறை மதிப்பைப் பூஜ்ஜியமாக்கிவிடும் ReLU ஆக்டிவேஷன் உள்ள இரண்டடுக்கு வலைகளில் மோசமான லோக்கல் மினிமங்கள் சாதாரணமாகவே கிடைக்கின்றன என்று சஃப்ரானும் ஷமிரும் 2018ல் காட்டினார்கள். தேவைக்கு மேல் சில நியூரான்களைச் சேர்த்தால் அவற்றின் தொல்லை வெகுவாகக் குறைவதையும் அவர்களே கண்டார்கள். இன்றைய வலைகள் தப்பிப்பதற்கு இந்த உபரிதான் பெரிய காரணம். 2017ல் ஷாங் குழு CIFAR-10இன் 50,000 படங்களுக்கும் தாறுமாறான லேபிள்களை ஒட்டியது. 16 லட்சத்துக்கும் மேற்பட்ட எடைகள் கொண்ட வலை அவற்றையும் பிழையின்றி மனப்பாடம் செய்துவிட்டது. அந்த வலை புதுப் படத்துக்கு எதையும் சரியாகச் சொல்லாது. ஆகவே லாஸ் பூஜ்ஜியத்தைத் தொட்டது என்பதை வைத்து வலை கற்றுக்கொண்டது என்று சொல்ல முடியாது.

நிஜமாகவே மாட்டிக்கொள்ளும் ஓர் இடம் உண்டு: செத்த ReLU. ஒரு நியூரானுக்கு எல்லா உள்ளீட்டிலும் எதிர்மறை மதிப்பே வந்தால் அதன் வெளியீடும் கிரேடியன்டும் பூஜ்ஜியம், எத்தனை படி ஓட்டினாலும் அதன் எடைகள் தாமாக நகராது. ஓர் அடுக்கின் வெளியீட்டை எடுத்து, பேட்ச் முழுவதும் பூஜ்ஜியமாகவே இருக்கும் நியூரான்கள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். பாதிக்கு மேல் என்றால் லேர்னிங் ரேட்டைக் குறைத்து முதலிலிருந்து தொடங்குவதுதான் வழி.