வாழ்க்கைச் சடங்குகள்: நான்காம் வகுப்புக்கு ஒரு ‘பொருத்துக’ பயிற்சி

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கத்துத் தமிழ் வகுப்புகளில் மூன்று மதத்துப் பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் இருப்பார்கள். அவர்களுக்கு ஏற்ற பயிற்சி இது. 3, 4-ஆம் வகுப்புக்குச் சரியாக வரும்.

ஏ4 அளவு தடித்த அட்டையை எட்டாக வெட்டினால் ஒரு கார்டு உள்ளங்கை அளவு வரும். நான்கு பிள்ளைகளுக்கு ஒரு உறை போதும். எல்லாக் கார்டும் வெள்ளை, எல்லா எழுத்தும் கறுப்பு. பச்சை, காவி என்று வண்ணம் பிரித்தால் பிள்ளைகள் படிக்கவே மாட்டார்கள், வண்ணத்தைப் பார்த்து அடுக்கிவிடுவார்கள். ஜிக்சா போல வளைத்து வெட்டுவதும் வேண்டாம். கடைகளில் விற்கும் செட்டுகள் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கின்றன. அவற்றில் விளிம்பு சேர்ந்தால் விடை சரி, சடங்கு என்னவென்று தெரியவே வேண்டியதில்லை.

இடப்பக்கம் ஆறு பெயர்கள்: பெயர்சூட்டு, அகீகா, ஞானஸ்நானம் (மாமோதீசா என்றும் அதே கார்டில் எழுதுங்கள், இங்கே பிள்ளைகள் வீட்டில் அப்படித்தான் சொல்வார்கள்), எழுத்துக்கிருத்து, புதுநன்மை, நிக்காஹ். வலப்பக்கம் ஏழு விளக்கங்கள். ஒன்று கூடுதலாக இருக்கட்டும். ஆறுக்கு ஆறு வைத்தால் ஐந்து தெரிந்த பிள்ளைக்கு ஆறாவது சும்மாவே கிடைத்துவிடும். சிலுவை பொறித்த மின்னு என்ற தாலி கட்டி, மந்திரகோடிப் புடவை தரும் கிறிஸ்தவத் திருமணத்தைக் கூடுதல் கார்டாக வைக்கலாம். நிக்காஹ் எதுவென்று தெரியாத பிள்ளை கல்யாணம் என்றதும் நேராக அதைத்தான் எடுக்கும்.

இனி விளக்கம் எழுதும் இடம். சறுக்குவது இங்கேதான். ‘மொட்டை’, ‘தாலி’, ‘தண்ணீர்’ என்று ஒற்றைச் சொல்லாகக் கார்டு போட்டால் வகுப்பில் சண்டை வரும், அந்தச் சண்டையில் பிள்ளைகள் பக்கம்தான் நியாயம் இருக்கும். மொட்டையையே எடுத்துக்கொள்வோம். அகீகாவுக்கு அதை விடையாக வைத்தால், பழனிக்குப் போய் முடி இறக்கிய பிள்ளை கார்டைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். ‘ஏழாம் நாள் மொட்டை’ என்று நாளைச் சேர்த்தாலும் தீராது, ஏனென்றால் நாள் நான்காம் வகுப்பு நினைவில் நிற்பதில்லை. அந்தச் சடங்கில் மட்டும் நடப்பது எதுவோ அதை முழு வாக்கியமாக எழுத வேண்டும்: ‘குழந்தையின் முடியை எடுத்து, அதன் எடைக்கு வெள்ளியின் மதிப்பைத் தானம் செய்கிறார்கள். ஆட்டிறைச்சியைப் பகிர்ந்து கொடுக்கிறார்கள்.’ இதைப் பழனி மொட்டையோடு யாரும் குழப்ப மாட்டார்கள்.

காதில் சொல்வதிலும் இதே சிக்கல் உண்டு. பிறந்த குழந்தையின் வலது காதில் பாங்கு சொல்வது முஸ்லிம் வீடுகளில் வழக்கம். கேரளத்து இந்து வீடுகளில் பெயர்சூட்டும்போது ஒரு காதை வெற்றிலையால் மூடி, மறு காதில் பெயரைச் சொல்வார்கள். அதனால் பெயர்சூட்டுக் கார்டில் வெற்றிலை கட்டாயம் வர வேண்டும். மற்றவற்றுக்குச் சுருக்கமாகப் போதும். எழுத்துக்கிருத்துக்கு அரிசியில் விரல் பிடித்து எழுதவைப்பது, ஞானஸ்நானத்துக்குப் பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயரால் குழந்தையின் தலையில் தண்ணீர் ஊற்றுவது, புதுநன்மைக்கு முதன்முறையாக நற்கருணை வாங்குவது, நிக்காஹுக்குச் சாட்சிகள் முன் சம்மதம் சொல்லி மணமகளுக்கு மஹர் தருவது.

மதத்தின் பெயரை முதல் சுற்றில் கேட்காதீர்கள். பெயரும் விளக்கமும் பொருந்திய பிறகு மூன்றாவது வரிசையாக மதக் கார்டுகளைப் பரப்பி நூல் இழுக்கச் சொல்லுங்கள். ஒரு சடங்கிலிருந்து இரண்டு நூல் போகலாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். விஜயதசமியன்று கேரளத்தில் சில தேவாலயங்களிலும் எழுத்துக்கிருத்து நடக்கிறது. அங்கே எழுதிய பிள்ளையிடம் ‘தப்பு’ என்று சொல்ல முடியாது.

பூப்பு, சுன்னத், சாவு ஆகிய மூன்றையும் இந்த வயதுக்குச் சேர்க்க வேண்டாம் என்பது என் கருத்து. முதல் இரண்டில் சிரிப்பு கிளம்பி ஏதோ ஒரு பிள்ளை தலைகுனியும். மூன்றாவதில், வீட்டில் யாரை எப்போது இழந்தார்கள் என்பது நமக்குத் தெரியாது.

பின்சேர்க்கை: பெந்தெகொஸ்தே குடும்பங்களில் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பதில்லை, வளர்ந்து விசுவாசத்தை அறிக்கையிட்ட பிறகு தண்ணீரில் முழுக்கித்தான் கொடுப்பார்கள் என்று ஓர் ஆசிரியை எழுதியிருந்தார். சரிதான். அந்தக் கார்டிலிருந்து ‘குழந்தையின் தலையில்’ என்பதை எடுத்துவிட்டு, ‘தண்ணீர் ஊற்றியோ தண்ணீரில் முழுக்கியோ’ என்று மாற்றிக்கொள்ளுங்கள்.